வாவிக்கரை உவர் வயல்: இந்தப் பெரும்போகத்தில் உங்களிடம் மூன்று போன் உரையாடல் கேட்டு

வணக்கம் சேர்,

நான் சுகந்தி. வந்தாறுமூலையில் விவசாயம் படித்துவிட்டு இப்போது போரதீவுப்பற்றில் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். போன மாதம் களுவாஞ்சிகுடியில் நடந்த பயிற்சியில், வாவிக்கரை வயலில் முதல் மழைக்கே விதைப்பதா, பொறுத்து விதைப்பதா என்று கேட்டது நான்தான். "அது ஆறுதலாகப் பேச வேண்டிய விசயம் பிள்ளை" என்றீர்கள், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நான் கேட்பதை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெரும்போகத்துக்குள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், போனில் என்னோடு பேசுவீர்களா? விதைப்புக்கு முன் செப்டெம்பரில் ஒன்று, பயிர் இளசாக நிற்கும் நவம்பரில் ஒன்று, பூக்கும் நேரத்தை ஒட்டி ஜனவரியில் ஒன்று. ஒவ்வொரு உரையாடலுக்கும் இரண்டு நாள் முன்னமே வட்டையின் நிலையையும் என் கேள்விகளையும் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அறுவடையோடு இந்தக் கேட்பு முடிந்துவிடும்.

மண்டூர்ப் பக்கம் வாவியை ஒட்டிய வட்டைகளில் சில வரவைகளில் பயிர் நன்றாகப் பச்சை பிடித்து நிற்கிறது, கதிரும் வருகிறது, ஆனால் அறுக்கும்போது பாதி சப்பி. உரம் குறைந்துவிட்டது என்று விவசாயிகள் யூரியாவைக் கூட்டுகிறார்கள், கடன்தான் கூடுகிறது. நெல்லுக்கு நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் உப்புக்கு மிகவும் பயந்தவை என்று படித்திருக்கிறேன். முதல் மழைக்கே விதைத்தால் மண்ணில் தங்கிய உப்பு கழுவுப்படும் முன்னே முளை அகப்படுகிறது. நவம்பர் வரை பொறுத்தால் மூன்றரை மாத நெல் மழை ஓயும் நேரத்தில் பூக்கிறது, அப்போது உப்புத் திரும்ப மேலே வருகிறது. இரண்டு பக்கமும் இடிக்கிற இந்த இடத்தில்தான் நிற்கிறேன் சேர். உப்பைத் தாங்கும் ஏ.ரீ. 354 போட்டால் எவ்வளவு தூரம் தப்பலாம், முன்மாரி விதைப்பை விட்டு வயது கூடிய நாற்றை நடச் சொன்னால் கூலி கட்டுமா, இவற்றுக்கெல்லாம் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது, ஆனால் எந்த வட்டைக்கு எதைச் சொல்வது என்று தீர்மானிக்கிற கண் எனக்கு இன்னும் வரவில்லை.

ஈசி மீற்றரால் சில வரவைகளில் ஒன்றுக்கு ஐந்து கரைசலில் அளந்து, வாய்க்காலிலிருந்தும் வாவியிலிருந்தும் எவ்வளவு தூரம் என்பதோடு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நெல்லின் விளைச்சல் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸிலிருந்து குறையத் தொடங்கும் என்பது நிரம்பிய மண்சாற்றுக்கான அளவு, என் அளவை அதற்கு மாற்றும்போது மணல் மண்ணுக்கும் களிமண்ணுக்கும் பெருக்கும் எண் வேறு. நம் கரையோர மண்ணுக்கு நீங்கள் எந்த எண்ணைப் பாவித்தீர்கள் என்பதுதான் செப்டெம்பரில் நான் கேட்கப் போகும் முதல் கேள்வி.

உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், வெல்லாவெளிப் பக்கம் நீங்கள் வேலை செய்த காலத்தை வட்டை விதானைமார் இன்னும் கதைக்கிறார்கள். அன்றைய பயிற்சியிலும், ஒரு வயதான விவசாயி எழும்பி ஜிப்சம் போடலாமா என்று கேட்டபோது நீங்கள் உடனே பதில் சொல்லாமல், காய்ந்தால் மேலே வெள்ளை படிகிறதா, இல்லாவிட்டால் கறுத்து இறுகுகிறதா என்று அவரையே திருப்பிக் கேட்டீர்கள். சோடியம் கூடிய மண்ணுக்குத்தான் ஜிப்சம், வெறும் உப்பென்றால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடிக்க வேண்டும் என்பதை அவரே கண்டுபிடிக்கிற மாதிரிக் கொண்டுபோனீர்கள். எனக்கு அந்த விதமாகக் கேட்கப் பழக வேண்டும். நான் போகிற இடத்தில் ஒரு போக வேளாண்மைதான் வீட்டின் முழு வருமானமும், பிழையான ஆலோசனையைத் தாங்கிக்கொள்ள அவர்களிடம் எதுவும் இல்லை.

இடமாற்றம், சிபாரிசுக் கடிதம் என்று எதையும் மனதில் வைத்து எழுதவில்லை சேர். நீங்கள் படுவான்கரைக்கு வர வேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை, தேவையான படங்களை நான் எடுத்து அனுப்புவேன். நீங்கள் சொல்வதைச் செய்து பார்த்து என்ன நடந்தது என்பதை, நல்லதோ கெட்டதோ, உங்களுக்கு எழுதி அனுப்புவது என் பொறுப்பு.

மூன்று உரையாடல் கூடுதல் என்றால் செப்டெம்பர் ஒன்று போதும். அதுவும் இப்போது வசதியில்லை என்றால் "இயலாது" என்று ஒரு சொல் போடுங்கள், நான் குறையாக எடுக்க மாட்டேன், இந்த விசயம் தெரிந்த வேறு யாரையாவது காட்டிவிட்டால் அதுவே பெரிய உதவி. நீங்கள் பதில் போடும்வரை போன் எடுத்துத் தொந்தரவு செய்ய மாட்டேன். சரி என்றால் எந்தக் கிழமை, என்ன நேரம் தோது என்று மட்டும் சொல்லுங்கள், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறும் நான் எப்போதும் ஆயத்தம்.

நன்றி சேர்.

சுகந்தி
விவசாயப் போதனாசிரியர், போரதீவுப்பற்று