முத்தையன்கட்டு வீட்டுத் தங்கல்: பருவகாலக் கட்டணங்களும் முற்பதிவு விதிகளும்

இக்கட்டணங்கள் 2026 ஜனவரி 18 முதல் 2027 ஜனவரி 17 வரை செல்லுபடியாகும். குளியலறை இணைந்த இருவர் அறைகள் இரண்டும், நால்வர் தங்கக்கூடிய குளிரூட்டிய குடும்ப அறை ஒன்றும் எம்மிடம் உள்ளன. கட்டணம் ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு உரியது; காலை உணவும் அதில் அடங்கும். இரவுச் சாப்பாடு ஒருவருக்கு 900 ரூபா. குளத்தில் அன்று பிடிபட்ட மீனைச் சமைப்பதால், இரவுச் சாப்பாடு வேண்டுமா என்பதைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளூரவருக்கும் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கும் ஒரே விலைதான். தாம் பிறந்த காணியைப் பார்க்க வருகிறவரிடம் கூடுதலாக வாங்க எமக்கு மனம் இல்லை.

ஜூலை 1 முதல் ஓகஸ்ட் 31 வரையும், ஏப்ரல் 10 முதல் 16 வரையும், டிசம்பர் 18 முதல் ஜனவரி 17 வரையும் நெரிசல் காலமாகும். புலம்பெயர்ந்த உறவுகளின் கோடை விடுமுறை, மடுத் திருவிழா, நல்லூர்க் கொடியேற்றம், சித்திரைப் புத்தாண்டு, நத்தார், தைப்பொங்கல் ஆகியவை இந்நாட்களில் வருவதே அதற்குக் காரணம். அப்போது இருவர் அறை 10,500 ரூபா, குடும்ப அறை 16,500 ரூபா. வற்றாப்பளை கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமையில் வருவதால், அதற்கு முந்திய சனி முதல் செவ்வாய் வரையான நான்கு இரவுகளுக்கும் இதே கட்டணம் அறவிடப்படும்.

ஒக்டோபர் 15 முதல் டிசம்பர் 17 வரை அமைதிக் காலம். வாடைக்காற்றோடு மாரி மழை பெய்யும். குளம் வான் பாய்ந்தால் உள்வீதிகள் சேறாகிவிடும். ஆனால் வன்னியின் பச்சையை முழுதாகப் பார்க்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்பதே எமது எண்ணம். இருவர் அறை 6,500 ரூபா, குடும்ப அறை 10,500 ரூபா. ஏனைய நாட்கள் யாவும் சாதாரண காலம்; அப்போது முறையே 8,000 ரூபாவும் 13,000 ரூபாவும் ஆகும்.

நெரிசல் காலத்தில் குறைந்தது மூன்று இரவுகள் தங்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் படுக்கை விரிப்புகள், நுளம்பு வலைகள் எல்லாவற்றையும் கிணற்று நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டியிருப்பதாலும், வீட்டாரே சமைத்துத் துப்புரவு செய்வதாலும், நாள்தோறும் ஆள் மாறினால் எவரையும் ஒழுங்காகக் கவனிக்க முடிவதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரண்டு இரவுகள் போதும். அவற்றுள் ஒன்று திங்கள் இரவாக இருக்க வேண்டும். சாதாரண காலத்தில் வெள்ளி அல்லது சனி இரவு அடங்கும் பதிவுக்கு இரண்டு இரவுகள், மற்றைய நாட்களில் ஓர் இரவு. அமைதிக் காலத்தில் இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை. இரு பதிவுகளுக்கு இடையில் ஓரிரு இரவுகள் வெறுமையாக இருந்தால், வருகைக்கு முந்திய பத்து நாட்களுக்குள் கேட்பவர்களுக்கு, குறைந்தபட்ச விதி பாராமல் அதே விலையில் கொடுப்போம்.

தங்கும் நாட்கள் இரண்டு பருவங்களில் விழுந்தால், ஒவ்வோர் இரவும் தன் பருவத்தின் விலையில் கணக்கிடப்படும். ஓகஸ்ட் 30 முதல் நான்கு இரவுகள் இருவர் அறையில் தங்குபவர் இரண்டு இரவுகளுக்கு 10,500 ரூபாப்படியும் இரண்டு இரவுகளுக்கு 8,000 ரூபாப்படியுமாக 37,000 ரூபா செலுத்துவார்.

வருகைக்கு 90 நாட்களுக்கு முன்பே பதிவு செய்தால் சாதாரண காலத்தில் 15 வீதமும், நெரிசல் காலத்தில் 10 வீதமும் கழிவு உண்டு. 45 நாட்களுக்கு முன்பு என்றால் சாதாரண காலத்துக்கு மட்டும் 7 வீதம். நாட்கள் முற்பணம் எமக்குக் கிடைத்த திகதியிலிருந்தே எண்ணப்படும். தொலைபேசியில் சொல்லி வைப்பது பதிவாகாது. முற்பணம் மொத்தத் தொகையில் 30 வீதம். உதாரணமாக, ஓகஸ்ட் 6 முதல் குடும்ப அறையை நான்கு இரவுகளுக்கு எடுப்பவர் மே 8க்குள் முற்பணம் செலுத்தினால், 66,000 ரூபாவில் 6,600 ரூபா கழிந்து 59,400 ரூபா ஆகும். முற்பணம் 17,820 ரூபா. வற்றாப்பளைப் பொங்கல் இரவுகளுக்கு முற்பதிவுக் கழிவு கிடையாது. அமைதிக் காலத்தில் விலை ஏற்கெனவே குறைந்திருப்பதால் அதற்கும் கழிவு இல்லை. பதிலாக ஐந்து இரவுகள் தங்குவோர் நான்கு இரவுகளுக்கே செலுத்தலாம்.

நெரிசல் காலப் பதிவையும் வற்றாப்பளைப் பொங்கல் பதிவையும் 30 நாட்களுக்கு முன்பும், ஏனைய பதிவுகளை 14 நாட்களுக்கு முன்பும் இரத்துச் செய்தால் முற்பணம் முழுதாகத் திருப்பித் தரப்படும். அதன் பின் தரப்படமாட்டாது. மழை வெள்ளத்தால் வீதி மறிக்கப்பட்டு வர முடியாமற் போனால், எந்த நாளில் அறிவித்தாலும் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், அல்லது விரும்பிய வேறு திகதிக்கு மாற்றித் தரப்படும். பதிவு செய்வோர் வருகைத் திகதி, ஆட்களின் எண்ணிக்கை, பிள்ளைகளின் வயது ஆகியவற்றை இவ்வறிவித்தல் வந்த அதே வாட்ஸ்அப் இலக்கத்துக்கு எழுதி அனுப்பவும்.