கவினின் கால் காயம்: பயிற்சிக்கு வராததும் திரும்பி வருவதும்

வணக்கம் சேர், கவினின் அம்மா எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஹெட் பண்ண எழும்பி, இறங்கும்போது மற்றப் பிள்ளையின் பாதத்தில் மிதித்து இவனுடைய வலது கால் மடங்கியதே, அது சின்னச் சுளுக்கில்லை. அடுத்த நாள் காலை கணுக்காலின் வெளிப்பக்கம் முட்டை மாதிரி வீங்கி, நீலம் விரல்வரை இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு வெடிப்பு இல்லை. வளருகிற வயது என்று எலும்பின் நுனியையும் டொக்டர் கவனமாகப் பார்த்தார். லிகமென்ட் கொஞ்சம் கிழிந்திருக்கிறதாம். அம்மம்மா எண்ணெய் போட்டு உருவத் தயாராக நின்றா, நான்தான் மறித்துவிட்டேன்.

அதனால்தான் செவ்வாயும் வியாழனும் வரவில்லை. அடுத்த இரண்டு கிழமையும் வரமாட்டான். மட்ச்சுக்கான பெயர்ப்பட்டியலில் இவனைச் சேர்க்க வேண்டாம்.

இப்போது நொண்டாமல் நடக்கிறான். பிசியோ சொன்னபடி பல் தீட்டும்போது வலது காலில் மட்டும் நிற்கிறான். வொஷ்பேசினைப் பிடிக்காமல் நிற்கப் பழக வேண்டும். அப்புறம் ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது, பிறகு மெல்லோட்டம். நோவும் வீக்கமும் இல்லாமல் அது முடிந்தால், மூன்றாம் கிழமை கிறவுண்டுக்கு அனுப்புகிறேன். முதலில் நேராக ஓடுவதும் பாஸிங்கும் மட்டும் போதும். வெட்டித் திரும்புவது, டாக்கிள், ஹெடிங் எல்லாம் அதற்கு அடுத்த கிழமை. வலது காலில் துள்ளுவது இடது கால் அளவுக்கு வந்தபிறகுதான் மட்ச். நாட்காட்டியைப் பார்க்காமல் காலைப் பார்க்கச் சொல்லித்தான் பிசியோவும் சொன்னார். கொஞ்சக் காலத்துக்குப் பயிற்சியிலும் விளையாட்டிலும் பிரேஸ் போட வேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டச்பே கடற்கரையில் ஓட விடுவீர்கள்தானே, அந்த நாட்களில் இவனை ஒதுக்கிவிடுங்கள். மணல் இறங்கிக் கொடுக்கும், கால் மறுபடி பிரண்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இவன் "சரியாப் போச்சு சேர்" என்றுதான் சொல்லுவான், நம்ப வேண்டாம். நோவை மறைத்து விளையாடுகிற பிள்ளை. தன் இடத்தில் வேறு ஒருவனை நிறுத்திவிடுவீர்கள் என்ற பயம் வேறு. நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் அடங்குவான், என் பேச்சு எடுபடாது.

செவ்வாய் பின்னேரம் இவனைக் கூட்டிவந்து கிறவுண்ட் கரையில் இருத்தட்டுமா? வீட்டில் இருந்தால் தம்பியோடு முற்றத்தில் பந்து அடிக்கிறான், அது இன்னும் ஆபத்து. அங்கே கோன் வைக்கவோ நேரம் பார்க்கவோ ஏதாவது வேலை கொடுங்கள். கிளினிக் துண்டை நாளை படம் எடுத்து அனுப்புகிறேன். உங்கள் பச்சை பிப் ஒன்று இவன் பையில் கிடந்தது, தோய்த்து வைத்திருக்கிறேன், அதையும் செவ்வாய் தருகிறேன்.

நன்றி சேர்.