உன் கவர் மெயில்ல பாதிக்கு மேல வெட்டிட்டேன், கோச்சுக்காத

தம்பி, அந்த வேர்ஹவுஸ் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் வேலைக்கு போடறதுக்காக நீ எனக்கு அனுப்புன மெயிலையும் ரெஸ்யூமையும் பக்கத்து பக்கத்துல வச்சு படிச்சேன். மெயில்ல ஆறு பாரா இருக்கு, அதுல நாலு பாரா ரெஸ்யூம்ல இருக்கறதுதான், பாயின்ட்டா இருந்தத வாக்கியமா மாத்தியிருக்க, அவ்ளோதான். பி.காம், ஆறு வருஷ அனுபவம், ரெண்டு கம்பெனியிலயும் என்ன போஸ்ட், எக்செல் தெரியும், ஸ்டாக் சாஃப்ட்வேர் தெரியும்... இதெல்லாம் ரெஸ்யூமை திறந்த உடனே அவங்க கண்ணுல படப்போகுது. அதையே மெயில்லயும் படிக்க வச்சா ரெண்டாவது பாராவுலயே ஓட்டிட்டு போயிடுவாங்க. எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறப்ப அப்ளிகேஷன் பாக்கறது நான்தான், ஒரே நாள்ல நிறைய மெயில் வந்துச்சுன்னா முதல் நாலு வரியிலயே இவரை கூப்பிடலாமா வேணாமான்னு ஒரு எண்ணம் வந்துடும்டா.

எனக்கு நிஜமாவே வருத்தமா இருந்தது எதுன்னா, உன்கிட்ட இருக்கற நல்ல விஷயம் நாலாவது பாராவோட கடைசியில அரை வரியா கிடக்கு. நீ எழுதுனது இது:

"மேலும் தவறான டிஸ்பாட்ச்களைக் குறைப்பதிலும் முக்கியப் பங்காற்றியுள்ளேன்."

இதை படிக்கறவங்களுக்கு என்ன புரியும் சொல்லு? யார் வேணா எழுதலாம் இத. ஆனா நீ போன்ல என்கிட்ட சொன்ன கதை வேற. மாத்தி மாத்தி பொருள் போகுதுன்னு எல்லாரும் பிக்கிங் பசங்கள திட்டிக்கிட்டு இருந்தப்ப, நீ மூணு மாச ரிட்டர்ன் லிஸ்ட எடுத்து எந்த ஆள் தப்பு பண்ணான்னு பாக்காம எந்த பொருள் தப்பா போகுதுன்னு பிரிச்சு பாத்த, அப்பதான் 12 ஜோடி பொருள்லயே முக்கால்வாசி தப்பும் நடக்குதுன்னு தெரிஞ்சுது, எல்லாம் பாக்க ஒரே மாதிரி பெட்டி, ஒரே ரேக்ல ஒட்டி ஒட்டி இருந்தது. அத எடம் மாத்தி வச்சு, அந்த பொருளுக்கு மட்டும் பேக்கிங்ல பெட்டிய மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஸ்கேன் பண்ணணும்னு கொண்டு வந்த. இது ரெஸ்யூம்ல ஒரு பாயின்ட்டுக்குள்ள அடங்காது, ஏன்னா இதுல முடிவை விட நீ யோசிச்ச விதம்தான் பெருசு. மெயில் இதுக்குத்தான் இருக்கு.

அவங்க விளம்பரத்த திரும்ப படிச்சு பாரு, ரிட்டர்னை கட்டுப்படுத்தின அனுபவம் இருக்கணும்னு ரெண்டு எடத்துல போட்டிருக்காங்க. அவங்க தலைவலியே அதான் போல. எக்செல் பத்தி ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு.

அதனால நான் வெட்டுனது எல்லாம்: படிப்பு பாரா, பழைய கம்பெனி பாரா, சாஃப்ட்வேர் லிஸ்ட், அப்புறம் "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படக்கூடியவன், எந்தச் சூழலிலும் பணிபுரியத் தயார்" அந்த பாரா முழுசா போச்சு. நீ கடினமா உழைக்கறவன்தான், எனக்கு தெரியும், ஆனா அத நீயே சொல்லி அவங்க நம்பப் போறதில்ல, மூணு மாச லிஸ்ட உக்காந்து பிரிச்சவன்னு தெரிஞ்சா அவங்களே சொல்லிப்பாங்க. "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தின் விளம்பரத்தைக் கண்டு பெரும் மகிழ்ச்சியடைந்தேன்" அதையும் எடுத்துட்டேன், முதல் வரியில அதுக்கு எடம் கிடையாது.

இப்ப மெயில் இப்படி இருக்கு:

சப்ஜெக்ட்: டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பம் - 6 வருட வேர்ஹவுஸ் அனுபவம்

வணக்கம்,

டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ரிட்டர்னைக் குறைத்த அனுபவம் உள்ளவர் தேவை என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தீர்கள். அதில் நான் செய்த ஒரு வேலையை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இப்போது நான் வேலை செய்யும் வேர்ஹவுஸில் தவறான பொருள் போனதால் மாதம் 60 ரிட்டர்ன் வரை வந்துகொண்டிருந்தது. பிக்கிங்கில் கவனக்குறைவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மூன்று மாத ரிட்டர்ன் பதிவுகளைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அதில் முக்கால்வாசி வெறும் 12 ஜோடிப் பொருட்களால் வருவது தெரிந்தது. எல்லாமே ஒரே மாதிரியான பெட்டிகள், ஒரே ரேக்கில் அருகருகே இருந்தவை. அவற்றை வேறு வேறு ரேக்குகளுக்கு மாற்றினோம். அந்தப் பொருட்களுக்கு மட்டும் பெட்டியை மூடும் முன் பார்கோடு ஸ்கேன் செய்வதைப் பேக்கிங் டீமுடன் பேசி நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மாதத்தில் ரிட்டர்ன் 22 ஆகக் குறைந்தது. கூடுதல் ஆள் எடுக்கவில்லை.

உங்கள் வேர்ஹவுஸிலும் இதே காரணம்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணத்தை எங்கே தேடத் தொடங்குவது என்று எனக்குத் தெரியும்.

ரெஸ்யூம் இணைத்துள்ளேன். இப்போதைய வேலையிலிருந்து விலக ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். நேரில் பேச வாய்ப்புக் கொடுத்தால் மகிழ்ச்சி.

நன்றி.

இவ்ளோதான். கீழ உன் பேரும் போன் நம்பரும் போட்டுக்க.

ஒரு எடத்துல மட்டும் நீ கை வைக்கக்கூடாது. "மாற்றினோம்"னு போட்டிருக்கேன் பாரு, நீ அத "மாற்றினேன்"னு திருத்தணும்னு நினைப்ப, வேணாம். ரேக் மாத்துனது நீங்க எல்லாரும் சேர்ந்து, லிஸ்ட பிரிச்சதும் ஸ்கேனை கொண்டு வந்ததும் நீ. சூப்பர்வைசர் வேலைக்கு போற, ஆளுங்களோட சேர்ந்து வேலைய முடிச்சவன்னு தெரியறது உனக்கு நல்லதுதான், இன்டர்வியூல தோண்டி கேட்டாலும் தடுமாற மாட்ட.

60, 22 ரெண்டும் நீ சொன்ன கணக்கு, அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சரி பாத்துக்க. அந்த ரெண்டு மாசத்துல மொத்த ஆர்டரே குறைஞ்சிருந்துச்சான்னும் பாரு, ஏன்னா விவரம் தெரிஞ்சவங்க முதல்ல கேக்கறது அதத்தான். ஆர்டர் அதே அளவுதான்னா "ஆர்டர் எண்ணிக்கை மாறவில்லை"ன்னு 22க்கு அப்புறம் ஒரு வரி சேத்துடு, பாயின்ட் இன்னும் பலமாயிடும். குறைஞ்சிருந்தா எனக்கு போன் பண்ணு, 100 ஆர்டருக்கு எத்தனைன்னு மாத்தி எழுதிடலாம். பொருள் பேரு, கஸ்டமர் பேரு எதையும் மெயில்ல போடாத, அது உன் கம்பெனி விஷயம்.

ரெஸ்யூம்ல அந்த பாயின்ட் இருக்கட்டும், ஆனா ஒரே வரியா, "தவறான டிஸ்பாட்ச் ரிட்டர்ன்: மாதம் 60லிருந்து 22"ன்னு. ரெண்டு எடத்துலயும் நம்பர் ஒண்ணா இருக்கணும். ஃபைல் பேரு இப்ப "நியூ ஃபைனல் 3"ன்னு இருக்கு, உன் பேரையும் வேலை பேரையும் போட்டு மாத்திட்டு பிடிஎஃப்பா இணை.

நாளைக்கு கடைசி நாள்னு சொன்னல்ல, ஆர்டர் கணக்க பாத்துட்டு இன்னைக்கு ராத்திரியே அனுப்பிடு. அனுப்பறதுக்கு முன்னாடி உனக்கே ஒரு தடவ அனுப்பி போன்ல திறந்து பாரு, அட்டாச்மென்ட் திறக்குதான்னு.