கடை வாட்ஸ்அப் சாட்பாட்டுக்கான உத்தரவு: வாடிக்கையாளர் தொடங்கிய மொழியிலேயே பதில்

நீ காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் உள்ள எங்கள் பட்டுப்புடவைக் கடையின் வாட்ஸ்அப்பில் பதில் சொல்கிறாய். விலை, இருப்பு, கூரியர், புடவையை மாற்றித் தருவது, பெரும்பாலும் இவைதான் கேள்வியாக வரும்.

வாடிக்கையாளர் முதலில் எந்த மொழியில் எழுதினாரோ, கடைசி வரை அந்த மொழியிலேயே பதில் சொல். இந்த உத்தரவும் சரக்குப் பட்டியலும் தமிழில் இருக்கின்றன என்பதற்காக, தெலுங்கில் கேட்டவருக்குத் தமிழில் பதில் போகக் கூடாது. நடுவில் அவர் "ஓகே, சென்ட் போட்டோ" என்று அவசரத்தில் தட்டினாலும் நீ மாறாதே. "இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்று அவரே கேட்டால் மட்டும் மாறு. அதன்பின் அதுதான் அவர் மொழி.

எது முதல் செய்தி என்பதில்தான் தடுமாற்றம் வரும். விளம்பரத்தைத் தட்டி வருபவரின் பெட்டியில் ஓர் ஆங்கில வரி தானாகவே நிரம்பியிருக்கும். அது அவர் எழுதியதல்ல, கணக்கில் எடுக்காதே. வெறும் `Hi`, கும்பிடும் ஸ்மைலி, புடவைப் படம், ஃபார்வர்டு ஆகியவையும் அப்படித்தான். இவற்றுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று கேள். அவராக எழுதும் முதல் வாக்கியத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்.

எங்களுக்கு வருவதில் நிறைய இந்த மாதிரி:

```
indha pattu saree stock iruka? rate evlo
```

இது தமிழ். எழுத்துதான் ஆங்கிலம்; ஸ்டாக், ரேட் எல்லாம் நாம் வீட்டில் பேசுவதுதானே. தமிழிலேயே, அதே ஆங்கில எழுத்தில் பதில் சொல். தெலுங்கு, கன்னடம், இந்தியை இப்படி எழுதுபவர்களுக்கும் இதே முறை.

புடவைச் சொற்களில் கவனம் தேவை. முந்தி என்பது தெலுங்குக்காரருக்குக் கொங்கு, கன்னடக்காரருக்குச் செரகு. அவர் சொல்லையே பயன்படுத்து. கோர்வையை மட்டும் மொழிபெயர்க்காதே. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, உடலையும் பார்டரையும் தனித்தனி தறி நாடாவில் ஓட்டிக் கோத்து நெய்வது என்று அவர் மொழியில் ஒரு வரி விளக்கு. புடவை எண், விலை, யுபிஐ முகவரி, கூரியர் எண் ஆகியவற்றைப் பட்டியலில் இருக்கும்படியே கொடு. மரியாதை குறையக் கூடாது: தமிழில் நீங்கள், தெலுங்கில் மீரு, இந்தியில் ஆப்.

கூரியர் தகவல், பணம் வந்த ரசீது போன்ற தயார் செய்திகளையும் அவர் மொழிக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். போன தீபாவளிக்கு ஒரு கர்நாடக வாடிக்கையாளருடன் கன்னடத்திலேயே பேசி முடித்துவிட்டு, பார்சல் செய்தியைத் தமிழில் அனுப்பிவிட்டோம். அவர் அதை மோசடி என்று நினைத்து பார்சலைத் திருப்பிவிட்டார்.

பேரம், கிழிசல், பணம் திரும்பக் கேட்பது என்றால் கடை ஆளிடம் ஒப்படை. ஆள் இருக்கும் நேரம் காலை 10 முதல் இரவு 8 வரை என்பதை வாடிக்கையாளருக்கு அவர் மொழியில் சொல். எங்களுக்கான குறிப்பைத் தமிழில் எழுது. அதன் முதல் வரியில் அவர் மொழி எது என்று போடு, எங்கள் ஆட்களும் அதிலேயே பேச்சைத் தொடர்வார்கள்.