வெளித் தேர்வாளர் அறிக்கை: முனைவர் பட்ட ஆய்வேடு, சமயவியல்

ஆய்வேட்டின் தலைப்பு: ‘ஏடும் குரலும்: கன்னியாகுமரி மாவட்ட நிழல்தாங்கல்களில் அகிலத்திரட்டு அம்மானை வாசிப்பு’
பக்கங்கள்: 342, ஆறு இயல்கள், இரண்டு பின்னிணைப்புகள்

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வேட்டை முழுவதுமாக ஒரு முறையும், மூன்றாம் நான்காம் இயல்களை இரண்டு முறையும் படித்தேன். இந்த ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் வழங்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். வாய்மொழித் தேர்வை உடனே நடத்தலாம். கீழே குறிப்பிடும் திருத்தங்களைச் செய்து, நெறியாளர் சரிபார்த்த பிறகு இறுதிப் படி நூலகத்துக்குப் போகட்டும். மறுபடியும் எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அறிக்கையின் ஒரு படியை ஆய்வாளரிடமே கொடுத்துவிட வேண்டுகிறேன். இதில் பெரும்பகுதி அவருக்காகவே எழுதியது.

ஆய்வேட்டின் பெரிய பலம் நான்காம் இயல். அகஸ்தீஸ்வரம், கல்குளம் வட்டங்களில் அய்யாவழி மக்களின் சிறு வழிபாட்டிடங்களான பதினொரு நிழல்தாங்கல்களில், அவர்களுடைய புனித நூலான அகிலத்திரட்டைப் பல நாள் படிக்கும் திருஏடு வாசிப்பை ஆய்வாளர் தொடக்க நாள் முதல் முடிவு நாள் வரை உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒரு நாள் போய்ப் படமெடுத்துத் திரும்பிய களப்பணி இல்லை இது. கருவறையில் விளக்குகளுக்கு நடுவே கண்ணாடி இருப்பதையும், ஆண்கள் மேலாடை இல்லாமல் தலைப்பாகை கட்டி நிற்பதையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். இவர் அதை இரண்டு பத்தியில் முடித்துவிட்டு வாசிப்பவரின் மூச்சுக்குப் போகிறார். எந்த அடியில் நிறுத்துகிறார், எந்த இடத்தில் ஏட்டிலிருந்து கண்ணை எடுத்துப் பொருள் சொல்கிறார், கூட்டம் எங்கே ‘அய்யா சிவசிவா’ என்று சேர்ந்துகொள்கிறது என்பதையெல்லாம் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பதிந்திருக்கிறார். திருக்கல்யாண ஏடு வாசிக்கும் நாளில் பெண்கள் கொண்டுவரும் சீர்த் தட்டுகளைப் பற்றிய பகுதி (பக். 188–196) தனிக் கட்டுரையாகவே வெளிவரத் தகுந்தது. பெண்களோடு உட்கார்ந்து கேட்ட ஒருவரால்தான் இதை எழுதியிருக்க முடியும்.

அதே இயலில் 203-ஆம் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வாசிப்பவர் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து ஓர் அடியைப் படிக்கிறார். பின்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், அப்படி இல்லை என்று சொல்லி வேறொரு சொல்லைப் போட்டு அந்த அடியைச் சொல்கிறார். வாசிப்பவர் கொஞ்சம் தயங்கிவிட்டு அம்மா சொன்னபடியே திருப்பிப் படித்து மேலே போகிறார். இதைப் படித்ததும் நான் பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் இருந்தேன். இந்த ஆய்வேடு கேட்க வேண்டிய கேள்வி முழுவதும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது: அகிலத்திரட்டு எங்கே இருக்கிறது? அச்சிலா, ஓலையிலா, கேட்டுக் கேட்டுப் பழகிய காதிலா?

ஆனால் ஆய்வாளர் அந்த நிகழ்ச்சியை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்து அட்டவணையில் ‘வாசிப்புப் பிழைகள்’ என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிட்டார். இதுதான் என்னுடைய முதன்மையான குறை. இருபத்துமூன்று இடங்களில் வாசிப்பு அச்சிலிருந்து விலகுவதைக் கவனித்துக் குறித்திருப்பது அருமையான உழைப்பு. ஆனால் எந்த அச்சிலிருந்து விலகுகிறது? ஆய்வாளர் கையில் இருந்தது அண்மைக் காலப் பதிப்பு ஒன்று மட்டும். அகிலம் முதன்முதலில் அச்சேறியது 1939-இல். அதுவரை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது ஓலையில் படியெடுக்கப்பட்டும், வாய்வழியாகவும்தான் வாழ்ந்தது. அச்சேறிய பிறகும் பதிப்புக்குப் பதிப்பு பாட வேறுபாடு உண்டு. அந்த அம்மா சொன்ன சொல் இன்னொரு பதிப்பிலோ, ஏதேனும் ஒரு குடும்பத்தில் இருக்கும் ஓலைப்படியிலோ இருந்தால் அது பிழையாகாது, பாடபேதம். எங்குமே இல்லை என்றாலும்கூட, கூடியிருந்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஒரு செய்திதான். ‘பிழை’ என்ற சொல் அந்தச் செய்தியை மூடிவிடுகிறது.

இதற்கு ஆய்வேட்டை மாற்றி எழுதத் தேவையில்லை. இருபத்துமூன்று இடங்களையும் குறைந்தது இன்னும் இரண்டு பதிப்புகளோடு ஒப்பிட்டு, அட்டவணையில் ஒரு நெடுவரிசையைக் கூட்டினால் போதும். ஒரு மாத வேலை. தலைப்பை ‘வாசிப்பு வேறுபாடுகள்’ என்று மாற்றிவிட்டு, 203-ஆம் பக்க நிகழ்ச்சியை இயலின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால் இயல் தானாகவே நிமிர்ந்து நிற்கும். அந்த அம்மா அந்தச் சொல்லை யாரிடம் கேட்டுப் பழகினார் என்று ஆய்வாளர் கேட்டாரா என்பது தெரியவில்லை. களக் குறிப்பேட்டில் இருந்தால் சேர்க்கட்டும். இல்லையென்றால், அவரை மறுபடியும் போய்ப் பார்க்க முடியுமானால், தள்ளிப்போடாமல் பார்த்துவிடச் சொல்கிறேன்.

மூன்றாம் இயல் வரலாறு. இங்கே சில தவறுகளைக் கட்டாயம் திருத்த வேண்டும்.

கொல்லம் ஆண்டைக் கிறித்து ஆண்டாக மாற்றும்போது எல்லா இடத்திலும் 825 கூட்டியிருக்கிறார். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. எனவே ஜனவரி பிறந்தது முதல் ஆடி முடியும் வரையிலான தேதிகளுக்குத்தான் 825 சரிவரும். அய்யாவழியைத் தோற்றுவித்த வைகுண்டர் பிறந்த மாசி 984 என்பது 1809, திருச்செந்தூர் நிகழ்ச்சி நடந்த மாசி 1008 என்பது 1833, அவர் மறைந்த வைகாசி 1026 என்பது 1851. மூன்றும் சரியாக வந்துவிட்டதால் தவறு கண்ணில் படவில்லை. அகிலம் எழுதத் தொடங்கியதாகச் சொல்லப்படும் கார்த்திகை 1016-க்கு 824 தான் கூட்ட வேண்டும். அது 1840-இன் கடைசி. ஆய்வேட்டில் 1841 என்று இருக்கிறது. வெளியிலும் பலர் 1841 என்றே எழுதுகிறார்கள். அதனால்தான் அடிக்குறிப்பில் கணக்கைக் காட்டிவிடுவது நல்லது என்கிறேன்.

பக். 97-இல் ‘1859 வரை நடந்த தோள்சீலைப் போராட்டத்தை வைகுண்டர் முன்நின்று நடத்தினார்’ என்ற வரி இருக்கிறது. அவர் மறைந்தது 1851. பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமையை வழங்கிய திருவிதாங்கூர் அறிவிப்பு வந்தது 1859 ஜூலையில். தலைப்பாகை கட்டச் சொன்னதும், தோளில் சுமத்தப்பட்ட இழிவை அவருடைய வழிபாட்டு முறை எதிர்கொண்ட விதமும் அந்தப் போராட்டத்தின் மனநிலையோடு எப்படி இணைகின்றன என்பது வேறு கேள்வி. அது நல்ல கேள்வியும்கூட. அதை அந்த வகையிலேயே எழுதினால் வாதம் வலுப்படும்.

பக். 112-இல் அகிலம் ‘புராணங்களின் நான்கு யுகங்களை அப்படியே எடுத்துக்கொள்கிறது’ என்கிறார். அப்படியில்லை. நீடிய யுகம் தொடங்கித் தரும யுகம் வரை அகிலத்தில் எட்டு யுகங்கள். குறோணி என்ற அரக்கனை ஆறு துண்டாக வெட்டுவதும், அந்தத் துண்டுகள் யுகந்தோறும் பிறவி எடுத்து வருவதும் இந்த நூலுக்கே உரிய கட்டுமானம். நான்காம் இயலில் இதே ஆய்வாளர் குறோணி பகுதி வாசிக்கும் நாளை அவ்வளவு நுட்பமாக எழுதியிருப்பதால், இது அறியாமையால் வந்ததில்லை, அவசரத்தில் விழுந்தது என்றே நினைக்கிறேன்.

லண்டன் மிஷன் சங்க அறிக்கைகளைப் பயன்படுத்திய விதம் பற்றியும் சொல்ல வேண்டும். மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர் என்று வேர்பிடித்த அந்தச் சங்கத்தினர், முத்துக்குட்டி என்று அவர்கள் குறிப்பிட்ட வைகுண்டரின் கூட்டத்தைத் தங்கள் பணிக்கு இடையூறாகவே பார்த்தார்கள். தங்கள் பக்கம் வரவேண்டியவர்கள் அந்தப் பக்கம் போகிறார்கள் என்ற கவலையோடு, இங்கிலாந்தில் இருக்கும் ஆதரவாளர்களுக்கு எழுதிய அறிக்கைகள் அவை. ஆய்வாளர் அவற்றிலிருந்து கூட்டத்தின் அளவையும் பரவலையும் எடுத்து நேரடித் தகவல்போல வைக்கிறார். அந்த அறிக்கைகள் மிக மதிப்புள்ளவை. சமகாலத்தில் வெளியார் எழுதிய சாட்சி நமக்கு வேறு அதிகம் இல்லை. ஆனால் யார், யாருக்கு, எதற்காக எழுதினார்கள் என்று ஒரு பத்தி முன்னால் சேர்த்துவிட்டு மேற்கோள் காட்டட்டும். அகிலம் கலிநீசன் என்று அரசனையும் வெண்ணீசன் என்று வெள்ளையரையும் சொல்வதை அந்தப் பத்திக்குப் பக்கத்தில் வைத்தால், இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை வாசகருக்குத் தெரியும்.

இரண்டாம், ஐந்தாம் இயல்களில் பெரிய குறை ஏதும் இல்லை. இரண்டாம் இயலில் கோட்பாட்டு அறிஞர்களின் பட்டியல் நீளம். பாதியைக் குறைக்கலாம். ‘தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்’ என்ற அடி ஆய்வேடு முழுவதும் ஒன்பது இடங்களில் வருகிறது. ஓரிடத்திலாவது, கதையில் அதை யார் யாரிடம் எந்தச் சூழலில் சொல்வது என்று விளக்கியிருக்க வேண்டும். இப்போது அது சுவரொட்டி வாசகம்போல நிற்கிறது.

ஆறாம் இயலில் அய்யாவழி தனிச் சமயமா, இந்து சமயத்தின் ஒரு பிரிவா என்ற விவாதத்தில் ஆய்வாளர் தனிச் சமயம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அவருக்கு அந்தக் கருத்து இருப்பதில் தவறில்லை. ஆனால் பின்னிணைப்பில் உள்ள நேர்காணல்களில் ஒரே ஆள் காலையில் அய்யாவழிப் பதிக்குப் போகிறார், மாலையில் ஊர்க் கோவில் கொடைக்கும் வரி கொடுக்கிறார். இன்னொருவர் அதைக் கூடாது என்கிறார். களம் இவ்வளவு பேசும்போது தீர்ப்பைக் கொஞ்சம் பின்னால் வைத்து, இந்த முரணை விரித்து எழுதியிருக்கலாம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். நேர்காணல் கொடுத்தவர்களின் பெயரை மாற்றியிருக்கிறார், சரி. ஆனால் ஊர்ப் பெயரும், ‘பணிவிடைக்காரர்’ என்ற குறிப்பும் அப்படியே இருக்கின்றன. ஒரு சிறிய நிழல்தாங்கலில் பணிவிடை செய்பவர் ஒருவர்தான். ஊரில் யாரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். பணிவிடை உரிமை பற்றிய குடும்பத் தகராறு (பக். 231–233) அப்படியே நூலகத்துக்கும் இணையத்துக்கும் போனால், வீட்டுக்குள் நம்பிப் பேசியவர்களுக்குத் தீங்கு வரும். அந்த மூன்று பக்கங்களை நீக்க வேண்டும். மற்ற இடங்களில் ஊர்ப் பெயருக்குப் பதில் வட்டத்தின் பெயரை மட்டும் போட்டால் போதும்.

நேர்காணல் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருப்பதும் இழப்பு. ‘பொறவு’, ‘பைய’ என்று ஒலிப்பதிவில் நிச்சயம் இருந்திருக்கும். குரலைப் பற்றிய ஆய்வில் குமரி மாவட்டக் குரல் இருக்கட்டும். பின்னிணைப்பிலாவது மூலத்தைக் கொடுக்கலாம்.

வாய்மொழித் தேர்வில் ஆய்வாளரிடம் இவற்றைக் கேட்க விரும்புகிறேன். ஏடு வாசிக்கக் கற்றுக்கொள்பவர் யாரிடம், எத்தனை காலம் கற்கிறார், பெண்கள் வாசிப்பதை எங்காவது பார்த்தாரா? ஒலிபெருக்கி வந்த பிறகு வாசிப்பவரின் வேகமும் நிறுத்தமும் மாறினவா? அப்புறம், அந்த அம்மா குறுக்கிட்டபோது சுற்றி இருந்த பெண்கள் என்ன செய்தார்கள்?

இப்படிக்கு,
வெளித் தேர்வாளர்