பொருட்பட்டியல் திருத்தக் கட்டுப்பாட்டு நடைமுறை (ஆவணம் EC-02, திருத்தம் 02)

இந்த நடைமுறை அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையிலுள்ள எமது தொழிற்சாலையில் தயாரிக்கப்படும் பம்பிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அனைத்துக்கும் 2026 பெப்ரவரி 2ஆம் திகதி முதல் பொருந்தும். பொருட்பட்டியல் என்பது ஒரு பெட்டியைக் கட்டுவதற்குத் தேவையான ஒவ்வொரு பாகத்தின் இலக்கத்தையும், எண்ணிக்கையையும், அது சார்ந்த வரைபடத்தின் திருத்த இலக்கத்தையும் தாங்கிய ஆவணமாகும். வரைபடம் மாறினால் பட்டியலும் மாறியதாகவே கொள்ளப்படும்.

1. இந்த நடைமுறை திருத்தப்பட்டதன் காரணம்

கடந்த ஆண்டு PC-150 வகைப் பெட்டிகள் பதினான்கு, 50 மைக்ரோபரட் கப்பாசிற்றருக்குப் பதிலாக 40 மைக்ரோபரட் கப்பாசிற்றருடன் கட்டப்பட்டன. குழாய்க்கிணற்றில் மூழ்கியிருக்கும் ஒற்றைக் கட்ட மோட்டருக்குக் கப்பாசிற்றரின் அளவு மோட்டரைச் செய்தவர் குறித்தபடியே இருக்க வேண்டும். குறைந்தால் மோட்டர் தொடங்கத் தடுமாறும், சுருள் சூடேறும். கணினியில் இருந்த பட்டியல் சரியாகவே இருந்தது. தவறு இரண்டாம் மேசையின் தூணில் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்த பழைய தாளில் இருந்தது. அதை ஒட்டியவரைக் குறை கூற முடியாது. ஒவ்வொரு முறையும் அலுவலகத்துக்கு நடந்து வந்து பட்டியலைப் பார்க்க வேண்டியிருந்ததால், தமக்கு வசதியாக ஒரு பிரதியை அவர் வைத்துக்கொண்டார். ஆகவே புதிய பட்டியலை வெளியிடுவதோடு எமது கடமை முடிவதில்லை. பழையது தளத்தில் இருக்க இடமேயில்லாதபடி செய்வதே இந்த நடைமுறையின் நோக்கமாகும்.

2. மாற்றக் கோரிக்கை

மாற்றம் தேவை என எவரும் கோரலாம். தளத்தில் வேலை செய்வோர் கோருவதையே பெரிதும் விரும்புகிறோம். கோரிக்கைப் படிவத்தில் பாக இலக்கம், நடப்புத் திருத்தம், காரணம் ஆகியவை இருந்தால் போதும். வடிவமைப்புப் பொறியியலாளர் மூன்று வேலை நாட்களுக்குள் அதை ஏற்கவோ, காரணம் எழுதி மறுக்கவோ வேண்டும்.

3. திருத்தமா, புதிய இலக்கமா

புதிய பெட்டியைப் பழைய பெட்டி இருந்த இடத்திலும், பழைய பெட்டியைப் புதிய பெட்டிக்குரிய இடத்திலும் தயக்கமின்றி வைக்கலாம் என்றால் திருத்த இலக்கம் மட்டும் உயரும். இவ்விரண்டில் ஒன்று இயலாவிட்டாலும் புதிய பெட்டிக்குப் புதிய இலக்கம் தரப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, கரையோர உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் துத்தநாகப் பூச்சு ஆணிகளுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளைச் சேர்ப்பது PC-150 இன் திருத்தத்தை 04 இலிருந்து 05 ஆக்கும். ஆணிக்குரிய பாக இலக்கம் பட்டியலுக்குள் மாறும்; பெட்டியின் இலக்கம் மாறாது. கப்பாசிற்றரின் அளவு மாறுவது அத்தகையதன்று. அந்தப் பெட்டி வேறொரு மோட்டருக்குரியதாகிவிடுவதால், அதற்கு PC-151 என்ற இலக்கமே தரப்பட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பழுதுபார்க்க வருபவர் இலக்கத்தை நம்பித் தவறான பெட்டியை மாட்டுவார்.

4. மாற்றம் நடைமுறைக்கு வரும் புள்ளி

இந்தப் பகுதியே பெரும்பாலான பிழைகளின் ஊற்றென்பதால் இதனை நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். “இன்று முதல்”, “கையிருப்பு முடிந்ததும்” என்ற சொற்கள் எந்த மாற்ற அறிவித்தலிலும் இடம்பெறக் கூடாது. இன்றைய காலைப் பொழுதில் ஒரு மேசையில் பாதி கட்டிய பெட்டி இருக்கிறது. களஞ்சியத்தில் பாகங்கள் எடுத்து வைக்கப்பட்ட தட்டு ஒன்று காத்திருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் லொறியில் பழைய ஆணிகள் ஏற்றப்பட்டுள்ளன. திகதி இவற்றுள் எதனையும் சுட்டாது. ஆகவே ஒவ்வொரு மாற்றமும் ஒரு பெட்டித் தொடரிலக்கத்திலிருந்து நடைமுறைக்கு வரும். PC-150 திருத்தம் 05 தொடரிலக்கம் 2311 இலிருந்து பொருந்தும் என்று எழுதினால், 2310 வரை திருத்தம் 04 ஐக் கொண்டு முடிக்கலாம் என்பதும் கூடவே தெளிவாகிறது.

அந்த இலக்கத்தைத் தீர்மானிக்கும் முன் உற்பத்தி முகாமையாளர், களஞ்சியப் பொறுப்பாளர், கொள்வனவு அலுவலர் மூவரும் ஒன்றாக அமர்ந்து மூன்று நிலைகளைக் கணக்கெடுக்க வேண்டும். வெளியிடப்படாத வேலைக்கட்டளைகள் புதிய திருத்தத்துக்கு மாற்றப்படும். பாகங்கள் எடுக்கப்பட்டும் வேலை தொடங்காத கட்டளைகளின் தட்டுகள் களஞ்சியத்துக்குத் திரும்பி, மீண்டும் எண்ணப்படும். கட்டிக்கொண்டிருப்பவை பழைய திருத்தத்திலேயே முடிக்கப்படுமா, பிரித்துத் திருத்தப்படுமா என்பதைப் பொறியியலாளர் எழுத்தில் கூற வேண்டும். பாதுகாப்பைத் தொடும் மாற்றமாயின் பழையபடி முடிக்க அனுமதியில்லை. கழிக்கப்படும் பாகங்களுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டு, பூட்டுள்ள அறைக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும். வெளியே தகடு வளைத்துத் தருபவரிடமும் எமது வரைபடம் இருக்கிறது என்பது இங்கே அடிக்கடி மறக்கப்படுகிறது. அவரிடமிருந்து பழைய பிரதி திரும்பப் பெறப்பட்டதற்கான கையொப்பம் இல்லாமல் மாற்றம் பூர்த்தியானதாகக் கருதப்படாது.

5. தளத்தில் இருக்கக்கூடிய ஒரே பட்டியல்

பட்டியல் வேலைக்கட்டளையோடு மட்டுமே அச்சிடப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டளை இலக்கம், திருத்தம், தொடரிலக்க எல்லை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும்; கட்டளை முடிந்ததும் தாள் கடைசிப் பெட்டியோடு தரப் பரிசோதகரிடம் சென்று கிழிக்கப்படும். கட்டளை இலக்கம் இல்லாத பட்டியல் எவருடையதாயினும், அதைக் காண்பவர் அகற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தூண், மேசைக் கண்ணாடியின் அடிப்புறம், கருவிப் பெட்டியின் மூடி ஆகியவற்றில் எதையும் ஒட்டக் கூடாது. பட்டியலைக் கைபேசியில் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவதும் தடைசெய்யப்படுகிறது. அனுப்பியவர் மறந்த பின்னும் படம் அழியாமல் இருக்கும்.

கணினியில் நடப்புக் கோப்பு ஒன்று மட்டுமே திறக்கும் வகையில் இருக்கும். புதிய கோப்பு PC-150_BOM_R05.pdf வெளியாகும் அதே நேரத்தில் R04 கோப்பு பொறியியலாளர் மட்டும் நுழையக்கூடிய காப்பகத்துக்கு மாற்றப்படும். R04 இல் முடிக்க வேண்டிய கட்டளைகள் இருந்தால், அவற்றின் தாள்கள் இந்த மாற்றத்துக்கு முன்னரே அச்சிடப்பட வேண்டும். மின்வெட்டின்போதோ வலையமைப்பு இல்லாதபோதோ, கட்டளையோடு வந்த தாளைக் கொண்டு வேலையைத் தொடரலாம். புதிய கட்டளையைத் தொடங்கக் கூடாது.

கட்டும் தொழில்நுட்பவியலாளர் முதற் பாகத்தை எடுக்கும் முன், தாளிலுள்ள திருத்த இலக்கத்தைப் பெட்டியின் பெயர்ச் சீட்டிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் அவர் வேலையை நிறுத்துவார். அந்த நிறுத்தத்துக்காக அவரது உற்பத்திக் கணக்கில் எதுவும் குறைக்கப்படமாட்டாது.

6. தற்காலிக விலகல்

ஒரு பாகம் கிடைக்காதபோது மாற்றுப் பாகம் பயன்படுத்தப் பொறியியலாளர் எழுத்து மூலம் அனுமதி தரலாம். அந்த அனுமதி கூடியது இருபது பெட்டிகளுக்கோ பதினான்கு நாட்களுக்கோ, எது முதலில் முடிகிறதோ அதற்கே செல்லும். அது பட்டியலை மாற்றாது. தாளோடு இணைக்கப்பட்டு, தொடரிலக்கங்களுக்கு எதிரே பதியப்படும். ஒரே விலகல் இரண்டாம் முறை கேட்கப்பட்டால், அதை மாற்றக் கோரிக்கையாகவே எழுத வேண்டும்.

7. பரிசோதனையும் பதிவுகளும்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தரப் பரிசோதகர் முன்னறிவிப்பின்றி மூன்று மேசைகளைத் தெரிந்தெடுத்து, தாள், தட்டிலுள்ள பாகங்கள், பெயர்ச் சீட்டு மூன்றும் ஒரே திருத்தத்தைச் சேர்ந்தவையா என்று பார்ப்பார். ஐ.எஸ்.ஓ 9001:2015 இன் 8.5.6 பிரிவு, மாற்றங்களை ஆய்ந்ததன் முடிவு, அதற்கு அதிகாரமளித்தவர், ஆய்விலிருந்து எழுந்த அவசிய நடவடிக்கைகள் ஆகியவற்றின் பதிவைப் பேணுமாறு கோருகிறது. எமது மாற்றப் பதிவேட்டில் இந்த மூன்றும் தனித்தனிப் பத்திகளாக உள்ளன. பதிவுகள் ஏழு ஆண்டுகள் வைத்திருக்கப்படும்.

இந்த ஆவணத்தின் திருத்தம் 01 இன் பிரதிகளை வைத்திருப்போர் பெப்ரவரி 2ஆம் திகதி மாலை 4 மணிக்குள் அவற்றை ஆவணக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ஒப்படைத்து, பெயர்ப்பட்டியலில் கையொப்பமிட வேண்டும்.