ஒன்பது

சிவகாசியில் ஒரு கிளை நூலகம். கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் ஜன்னலோர அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும். ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில்தான் செல்வி தன் கணக்கு நோட்டைச் செருகிவைப்பாள். அந்தத் தொகுதிகளை யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

ஒரு நாள் காலையில் நோட்டைத் திறந்தால், முந்தின நாள் கணக்கின் கீழே பச்சை மையில் யாரோ எழுதியிருந்தார்கள்.

ஒரு வேலையை ஒருவர் 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 6 நாளில். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 9 என்று போட்டிருந்தாள் செல்வி.

“தனியாகவே 6 நாளில் முடிக்கிறவருக்கு, துணைக்கு ஆள் வந்தால் 9 நாள் ஆகுமா? துணைக்கு வந்தவர் பேசிக்கொண்டே இருந்தாரா?”

கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் போட்டுப் பார்த்தாள். நான்கு நாள். “நோட்டு என்னுடையது. ஆனால் நன்றி” என்று எழுதிவைத்தாள்.

அவள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கக் காலையில் வருவாள், மதியம் தம்பிக்குச் சோறு வைக்கப் போய்விடுவாள். பச்சை மை மாலையில் வரும் ஆள். பெயரைக் கேட்டதற்கு, “உங்கள் பெயர் ஒன்பது என்று எனக்குத் தெரியும். என் பெயரை நீங்கள் கண்டுபிடியுங்கள்” என்று பதில். கண்டுபிடிக்க முடிந்தது வேலையை மட்டும்தான். தாளின் ஓரத்தில் நீலக் கட்டைவிரல் ரேகை ஒன்று பதிந்திருந்தது. அச்சக மை, இந்த ஊரில் யாருக்கும் தெரியும்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டுமே, அதற்கு முந்தின இரண்டு வாரம் பச்சை மை வரவே இல்லை. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதாவது தெரிந்த விஷயம். மற்ற நாட்களிலும் வெறும் தாளைப் பார்ப்பது பெரிய கொடுமை. பிறகு பென்சிலில் ஒரு வரி வந்தது: “இரண்டு ஷிப்ட். பேனாவும் தீர்ந்துவிட்டது. நான் தீரவில்லை.”

அந்த வரியை அவள் எத்தனை தடவை படித்தாள் என்பது அவளுக்கும் ஏழாம் தொகுதிக்கும்தான் தெரியும்.

மறுநாள் ஒரு கணக்கு எழுதினாள். “ஒருவர் காலை 9 முதல் 1 மணி வரை நூலகத்தில் இருக்கிறார். இன்னொருவர் மாலை 5 முதல் 8 வரை. இருவரும் எப்போது சந்திப்பார்கள்?”

எழுதி வைத்தாளே தவிர, வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. தம்பிக்கு போன் போட்டு, பழைய சோறு இருக்கிறது, மோர் ஊற்றிக்கொள் என்றாள். நாளிதழ் மேஜையில் ஒரே பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தே கால். ஒருவன் நேராக வந்து கீழ்த்தட்டின் முன் குந்தினான். கட்டைவிரலில் நீலம். நோட்டைப் படித்தவன் சட்டைப்பையைத் தடவினான். பேனா இல்லை.

செல்வி எழுந்துபோய்த் தன் பேனாவை நீட்டினாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “தேங்க்ஸ்ங்க, ஒரு நிமிஷம்” என்று வாங்கி எழுத ஆரம்பித்தான்.

“விடை ஒன்பதா?” என்றாள்.

பேனா நின்றது.